அவர் நம்பருக்கு வரும் செய்திகள்

பிரிந்திருந்த இந்த ஐந்து வருடத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு எழுதிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். மற்றதெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியது, ஸ்கூட்டர் ஷோரூம் எழுதியது. அவர் நம்பருக்கு வரும். அவர் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வாகனக் காப்பீடு அடுத்த மாதம் முடிவடைகிறது." இதுதான் செய்தி. மேலே ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு ‘நல்லா கீறியா’ கிடையாது. மனுஷன் எதிரில் உட்கார்ந்தே பேசாதவர், போனிலா பேசிவிடப் போகிறார்?

நான் ஒரகடத்தில் வயரிங் கம்பெனியில் இருக்கிறேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனி. அதில் நான் செக்கிங். லைனில் போனைத் தொடக்கூடாது என்பதால் லாக்கரில் வைத்துவிட்டுப் போவோம். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதாவது வந்திருக்கும், பிள்ளை ஸ்கூலில் விழுந்தது, மாமியார் வந்திருக்கிறாள் என்று. எனக்கு வருவது இதுதான்.

ஒரு நாள் கேன்டீனில் என் லைனில் வேலை செய்யும் சசிகலா எட்டிப் பார்த்துவிட்டாள். பெரிய வாயாடி.

"அக்கா, போனைப் பாத்து சிரிக்கிற. யாருக்கா, ஆளா?"

"இன்சூரன்ஸுடி."

"இன்சூரன்ஸுக்கு யாராவது சிரிப்பாங்களா? கதை வுடாதக்கா."

"சிரிச்சேனா நானு? உன் வேலைய பாத்துகினு துன்னு" என்று ஒரு போடு போட்டேன். ஆனால் அவள் சொன்னது நிஜம். சிரித்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நாகப்பன் கார் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறார். இங்கே ஃபாக்டரியில் இறங்கும் புதுக் கார்களை மாடி வைத்த வண்டியில் அடுக்கிக்கொண்டு குஜராத், ஹரியானா, அஸ்ஸாம் என்று போவார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில். மீதி நாள் வீட்டில் தூக்கம். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. ஒரு நாள் சண்டையில், "வர்றதுன்னா மனுஷனா வா, இல்லன்னா வராத" என்று சொன்னேன். நான் சொன்னதில் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. ஒரகடத்து டிரெய்லர் யார்டிலேயே டிரைவர்களுக்கு ஒரு கூடம் உண்டு, அங்கே படுத்துக்கொள்கிறார். கோர்ட்டு, பஞ்சாயத்து எதுவும் இல்லை. பென்னலூரில் இந்த வாடகை வீட்டில் நான் மட்டும். யார் மேல் தப்பு என்று கேட்டால் இன்றைக்கும் அவர் மேல்தான் என்பேன்.

அவர் போனாலும் பேப்பர் எல்லாம் சேர்ந்தேதான் இருந்தது. நான் ஓட்டும் ஸ்கூட்டர் அவர் பெயரில். மருத்துவக் காப்பீடு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி, எடுத்தவர் அவர், மனைவி என்று நான். அதனால் எந்த நினைவூட்டல் வந்தாலும் அவர் போனுக்குத்தான் வரும்.

அதற்கென்று ஒரு வரிசை உண்டு. மருத்துவப் பாலிசி முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது முதல் செய்தி. பிறகு ஒரு மாதம். பிறகு பதினைந்து நாள், ஒரு வாரம், கடைசியாக ‘நாளையுடன்’ என்று ஒன்று. அதற்கும் முன்னால், ‘இந்த வருடத்துக்கான இலவச உடல் பரிசோதனையை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை’ என்று ஒரு செய்தி. ஸ்கூட்டருக்கும் இதே மாதிரி. சர்வீஸுக்கு ஷோரூம்காரன் முதலில் செய்தி அனுப்புவான், வண்டி வரவில்லை என்றால் ஒரு பெண்ணை விட்டு அவருக்குப் போன் போடுவான். அந்தப் போன் வந்த பிறகு அவர் தன் கையால் எழுதுவார்.

"வண்டி வுட்டியா?"

இரண்டே வார்த்தை. அதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மொத்தை விரல், ஒரு எழுத்துக்கு நாலு எழுத்து விழும்.

சொன்னால் வெட்கக்கேடு, சொல்லிவிடுகிறேன். முதல் செய்தி வந்ததுமே நான் வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது வராது. முதல் செய்திக்கே பரிசோதனைக்குப் போய்விட்டால், அதற்கென்று அவர் எழுதும் ‘போனியா?’வும் வராது. அதனால் போகமாட்டேன். இழுப்பேன். ஷோரூம்காரப் பெண் அவருக்குப் போன் போடும் வரை வண்டியைக் கடகடவென்ற சத்தத்தோடே ஓட்டுவேன். சைலன்சரே கழன்று விழுந்தாலும் சரி. அந்த இரண்டு வார்த்தை வந்த பிறகுதான் போய் விடுவேன். விட்டுவிட்டு, உடனே பதில் போடாமல் மறுநாள் ‘ம்’ என்று போடுவேன். பெரிய ராங்கிதான் எனக்கு, வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்றுதான் தெரியவில்லை.

நம்பரை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியாதா? தெரியும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜகந்நாதன் சார் ஒரு முறை, "உங்க நம்பரையும் சேத்துடட்டுமாம்மா?" என்று கேட்டார். "அப்பறம் பாத்துக்கலாம் சார்" என்று தட்டிக் கழித்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு கூத்து நடந்தது. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடியும் நேரத்தில் நாகப்பன் அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ மலையில் மாட்டிக்கொண்டார். மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றதாம், சிக்னலும் இல்லையாம். ஒரு வாரம் முன்னால் வர வேண்டிய செய்தியும், கடைசி நாள் செய்தியும் மொத்தமாக, தேதி தாண்டிய பிறகு என் போனில் வந்து விழுந்தன. அதற்குள் நான் மூன்று நாள் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஒரகடம் ரோட்டில் ஓட்டியிருந்தேன். பாலிசி அறுந்துபோனதால் சும்மா பணம் கட்டினால் போதாது, வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் புதுசு தருவார்களாம். ஜகந்நாதன் சாரே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரரிடமிருந்து, "தப்பு என்னுது" என்று ஒரு செய்தி வந்தது. நான் அதற்கு ‘ம்’ கூடப் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை.

இந்த வருடம் உடல் பரிசோதனைச் செய்தி வழக்கம்போல வந்தது. வழக்கம்போல இழுத்தேன். "போனியா?" வந்தது. அடுத்த வாரம் லீவு நாளில் வெறும் வயிற்றோடு ஸ்ரீபெரும்புதூர் லேபுக்குப் போனேன்.

ரத்தம் எடுத்து, எடை பார்த்து முடிந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சட்டையில் ஸஹானா என்று பெயர் குத்தியிருந்தது.

"மேம், உங்க பாலிசில இன்னொரு மெம்பர் இருக்காரே, நாகப்பன். அவரு எப்ப வருவாரு?"

"அவரு வேற எங்கனா பாத்திருப்பாரும்மா. ஊர் ஊரா போறவரு."

"இல்ல மேம், எங்க பார்த்தாலும் இதுல காட்டும். இந்த வருஷம் எடுக்கல. போன வருஷமும் எடுக்கல." கீழே தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடியும் இல்ல. உங்களுது மட்டும்தான் எல்லா வருஷமும் இருக்கு. பாலிசி முடியறதுக்குள்ள வரச் சொல்லுங்க மேம், அப்பறம் இந்த வருஷ ஃப்ரீ போயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண் தப்பித்ததே பெரிது. யோவ், உனக்கு ஐம்பத்திரண்டு வயது. உங்கப்பனும் பிரஷரில்தான் படுத்தார். ராத்திரி பகலாக நாற்பது டன்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறாய். எனக்கு வந்த செய்தியிலேயே ‘இரு உறுப்பினர்களுக்கும்’ என்றுதானே இருக்கிறது? அதைப் படித்துப் படித்து எனக்கு அனுப்பினாயே, உனக்கு யார் சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். ‘நீ போனியா’ என்று அடித்தேன். அழித்தேன். ‘லேபுல கேக்கறாங்க’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன். ஐந்து வருடம் ‘ம்’ போட்ட விரலுக்கு வேறு எதுவும் வரவில்லை. அவராக அடுத்த செய்தி அனுப்பட்டும், பாலிசி முடிய ஒன்றரை மாதம் என்று வருமே, அதற்குப் பதில் போடும்போது இதைக் கேட்டுவிடலாம் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் செய்தி வரவில்லை.

முதல் இரண்டு நாள், சிக்னல் இல்லாத இடமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. கேன்டீனில் லாக்கர் திறந்து போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சசிகலாவே, "இன்னாக்கா, உன் இன்சூரன்ஸு கோச்சிகிச்சா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதம் என்ற செய்தியும் வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. லேப் பெண் சொன்னது வேறு தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வருடமாக உடம்பைக் காட்டாத மனுஷன், எங்கே விழுந்து கிடக்கிறாரோ? ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? நான் யார், பெண்டாட்டியா, வாடிக்கையாளரா?

வீடு அப்போதுதான் எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று தெரிந்தது. ஐந்து வருடமாக அதே வீடுதான், அதே ஒற்றைத் தட்டுதான். ஆனால் எங்கேயோ ஒரு லாரியில் உட்கார்ந்திருக்கும் ஆள் என் வண்டிக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான். அது இருந்தவரைக்கும் நான் தனியாக இருப்பதாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தேன். ஒரு நாள் சோறு வடித்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

பொறுக்க முடியாமல் ஷிஃப்ட் முடிந்து ஒரு மத்தியானம் யார்டுக்கே போனேன். பெரிய மைதானம், வரிசையாக டிரெய்லர்கள். கேட்டில் செக்யூரிட்டி வனமாமலை, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாகப்பனின் வீட்டுக்காரி என்று என்னை அவருக்குத் தெரியும்.

"நாகப்பண்ணனா? திங்கக்கெழமதான லோடு ஏத்திட்டுப் போனாவ. குஜராத்துக்கு."

"உடம்பு கிடம்பு..."

"நல்லாத்தான் இருந்தாவ. காலைலகூட போன் போட்டாவளே. ஏம்மா, உங்களுக்குப் பேசலியா?"

"பேசினாரு பேசினாரு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

உயிரோடு இருக்கிறார். போன் வேலை செய்கிறது. கண்டவனுக்கெல்லாம் பேசுகிறார். அப்படியென்றால் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார். அட பாவி மனுஷா, எவனோ எழுதி அனுப்புவதை விரலால் ஒரு தள்ளு தள்ளக்கூட உனக்கு நான் பாரமா? ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். பக்கத்தில் வேன் வேனாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் ஜகந்நாதன் சாரிடமிருந்து போன். "கங்காம்மா, ரினிவல் தேதி நெருங்கறது. உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். நாளைக்கு ஆபீஸுக்கு வர முடியுமா?"

ஸ்ரீபெரும்புதூர் கோவில் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் ஆபீஸ். நெற்றியில் நாமம், மேஜையில் இரண்டு போன். அவர் போன் ஒன்று எந்நேரமும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு யார் யாருக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்று.

"வாங்கோ, உக்காருங்கோ. சார் போன மாசமே வந்து பேசிட்டுப் போனார். உங்க ரெண்டு பேர் பாலிசியையும் தனித்தனியாப் பிரிச்சுடச் சொன்னார்."

"பிரிக்கவா?"

"ஆமாம்மா. அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. பயப்படாதீங்கோ, இத்தனை வருஷம் கட்டினது வீணாப் போகாது. சில வியாதிக்குப் பணம் கிடைக்கக் காத்திருப்புக் காலம்னு ஒண்ணு இருக்கே, அது முதல்லேருந்து ஆரம்பிக்காது, அப்படியே தொடரும். சேர்ந்து எடுத்தா கிடைக்கற சலுகை கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆனா இதை ரினிவல் சமயத்துலதான் பண்ண முடியும். தேதிக்குள்ள முடிச்சாகணும்."

"ஏன் பிரிக்கறாரு? ஏதாவது சொன்னாரா சார்?"

"உங்க பாலிசிக்கு நீங்களே பொறுப்பாளரா இருக்கணும்னார். ஸ்கூட்டருக்கும் உங்க நம்பரையே போடச் சொன்னார். இனிமே எல்லா மெசேஜும் நேரா உங்களுக்கே வந்துடும், நடுவுல ஆள் வேண்டாம்." அவர் நல்லது சொல்லும் முகத்தோடு சொன்னார். "அதனாலதான் இந்தத் தடவை வந்ததையெல்லாம் உங்களுக்கு அனுப்பலையாம். நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன். உங்க நம்பரைச் சொல்லுங்கோ, போட்டுடறேன்."

கோர்ட்டுக்குப் போகாமல் நடந்துகொண்டிருந்த விவாகரத்து அந்த மேஜையில் வைத்து முடியப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. ஒரு நம்பர் சொன்னால் போதும். அப்புறம் அந்த மனுஷனுக்கு எனக்கு எழுத ஒரு காரணமும் கிடையாது. காரணம் இல்லாமல் எழுதுகிற ஆளும் இல்லை.

"அவரு நம்பரையே போடுங்க சார்."

"எதுக்கு?"

"என் பாலிசிக்குத்தான். அவரு நம்பரு."

ஜகந்நாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அதுக்குத்தானே பிரிக்கறதே. அவரே வேண்டாம்னு சொன்ன பிறகு நான் எப்படிப் போடறது? நீங்களே அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

என் போனில் அவர் நம்பரை அழுத்தினேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை. சாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் லாரி ஹாரன்கள்.

"கங்கா? இன்னா ஆச்சு?" குரலில் பதற்றம்.

"ஒண்ணியும் ஆவல. ஏஜென்ட் ஆபீஸ்ல கீறேன்."

"ஓ. கையெழுத்து போட்டியா?"

"யோவ், இன்னாத்துக்கு பிரிக்கிற?"

"உனுக்கு நல்லதுதான்."

"எது எனுக்கு நல்லதுன்னு எனுக்குத் தெரியும். உன் நம்பரையே போடச் சொல்லிட்டேன்."

"வோணாம் கங்கா." அந்த மனுஷன் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. "போன வருஷம் மூணு நாள் இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டிகினு கீற. ஒரகடம் ரோடு அது. அந்த ரோட்டுல ஓடறது எல்லாம் என்னைய மாதிரி பெரிய வண்டி. மோதினா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியும். நான் மலை மேல குந்திகினு சிக்னலு வருதா வருதான்னு போனைத் தூக்கி தூக்கி பாத்துகினு இருந்தேன். தூக்கமே வர்ல. நாளைக்கு நானே இல்லாம பூட்டா? உன் மெசேஜு எல்லாம் என் போன்லயே வந்துகினு இருக்கும். எவன் பாத்து உனுக்குச் சொல்வான்?"

ஜகந்நாதன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை மேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளுக்கு நான் ஒரு ‘ம்’ கூடப் போடவில்லையே.

"சரி" என்றேன். "என் பாலிசிக்கு என் நம்பரு. போட்டுக்கறேன்."

"ம்."

"உன் பாலிசிக்கும் என் நம்பருதான்."

"இன்னாது?"

"மூணு வருஷமா நீ டெஸ்ட்டுக்கே போவலியாமே? லேபுல அந்தப் பொண்ணு சொல்லுது. எனுக்கு மட்டும் போனியா போனியான்னு கேக்கத் தெரிது. உன்னைய யாரு கேப்பா? உன் மெசேஜ் எல்லாம் என் போனுக்கு வரட்டும். நான் அனுப்பறேன். போவலன்னா யார்டு கேட்டுக்கே வந்து கேப்பேன், மானத்த வாங்கிடுவேன்."

நான் ஜகந்நாதன் சாரிடம் திரும்பினேன். "மாத்துங்க சார்."

அவர் தயங்கினார். "பண்றேம்மா. ஆனா பழைய நம்பர்லேருந்து மாத்தணும்னா பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும். அவர் பாத்துச் சொன்னாத்தான் முடியும்." கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு என் போன் பக்கம் குனிந்தார். "சார், உங்களுக்கு இப்போ ஆறு எண் வந்திருக்கும். இஷ்டம்னா சொல்லுங்கோ."

போனில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. அவருக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகப் போகிறது, ஆறு எண்தானே. அவர் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து வருடமும் இப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று தோன்றியது. நேரம் முடிந்து திரை சிவப்பானது.

"காலாவதி ஆயிடுத்து" என்றார் ஜகந்நாதன் சார் மெதுவாக.

என் ராங்கி எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "யோவ்," என்றேன். அழுகையை நான் அடக்கவில்லை. "எனுக்குன்னு, நான் கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்யா. போனியா, வந்தியான்னு கேக்கறதுக்கு. வூட்டுக்கு வான்னு கூப்பிடல. இத்த மட்டும் குடு."

ஜகந்நாதன் சார் என்னைக் கேட்காமலே மறுபடி அனுப்பினார். மறுபடி அங்கே ‘டிங்’. லாரிக் கதவு ஒன்று சாத்தப்பட்டது, ஹாரன் சத்தம் அடங்கியது. உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"கண்ணு சரியா தெரியல கங்கா," என்றார். "எழுத்து பொடியா கீது. இரு, தள்ளி வச்சி பாக்கறேன்."

"நிதானமா பாரு."

"நாலு," என்றார். குரல் உடைந்திருந்தது. "நாலுக்கு அப்பறம் ஏழு."

ஜகந்நாதன் சார் தட்டினார். ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு வாங்கி, மிச்சம் நாலு எண்ணையும் என் வீட்டுக்காரர் சொல்லி முடித்தார்.